கம்பெனியின் கை, அரசின் கை: பழவேற்காட்டு அடிமை வணிகமும் ஒரு தீவுத் தீர்ப்பும்

1

பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டையில் தொடங்கிக் கல்லறையில் முடிப்பார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மூடிய மேடு. கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்லறைகளில் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, குலச் சின்னம் இருக்கிறது. அந்தப் பெயர்க்காரர்கள் கப்பலேற்றி அனுப்பிய மனிதர்களுக்குப் பழவேற்காட்டில் ஒரு கல்லும் இல்லை. இந்த இன்மையைச் சுட்டிக்காட்டி வருத்தப்படுவது சுலபம். நான் கேட்க விரும்புவது வேறு. இது வருத்தப்பட வேண்டிய விஷயமா, வழக்காட வேண்டிய விஷயமா? வழக்கு என்றால் யார் மேல்? 1799இல் செத்துப்போன ஒரு வணிகக் கம்பெனியின் மேலா, இன்றும் உயிரோடு இருக்கிற ஒரு அரசின் மேலா?

பழவேற்காட்டை ஒட்டிய தோணிரேவில் மீன்பிடிக்கிற இளைஞர்களோடு இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் நேராகவே கேட்டார்: "கம்பெனிக்காரன் பண்ணதுக்கு ராஜாங்கம் எப்படிங்க பொறுப்பாவும்?" சர்வதேசச் சட்டத்தில் அரசுப் பொறுப்பு என்ற துறையே இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அரசுக்கென்று கையும் காலும் கிடையாது. அது எதைச் செய்தாலும் யாரோ ஒரு மனிதர் மூலமாகத்தான் செய்ய முடியும். எந்த மனிதரின் எந்தச் செயலை அரசின் செயலாகக் கொள்வது என்று தீர்மானிப்பதைத்தான் சட்டக்காரர்கள் சாட்டுதல் என்கிறார்கள். சாட்ட முடிந்தால்தான் அடுத்த கேள்வி: அந்தச் செயல் அரசின் கடமையை மீறியதா? அதற்கும் ஆம் என்றால்தான் மூன்றாவது: என்ன ஈடு?

இந்த மூன்று கேள்விகளையும் பழவேற்காட்டின் மேல் வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம். முதல் கேள்விக்கு விடை எப்போதோ எழுதப்பட்டுவிட்டது, அதுவும் டச்சு அரசே கேட்டு வாங்கிய விடை. இரண்டாவது கேள்வியில்தான் நாம் முட்டிக்கொண்டு நிற்கிறோம். இந்த இரண்டும் ஒரே தீர்ப்பிலிருந்து வருகின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது.

2

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். 1621இல் யான் பீட்டர்சோன் கூன் என்ற டச்சு கவர்னர் ஜெனரல் ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைப் பிடித்தார். தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அல்லது நாடு கடத்தப்பட்டார்கள். தோட்டம் கைக்கு வந்துவிட்டது, வேலை செய்ய ஆளில்லை. இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியா நகரத்தைக் கட்டவும் ஆள் தேவைப்பட்டது. இந்தத் தேவைதான் சோழமண்டலக் கரைக்கு வந்தது. அந்தக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் பழவேற்காடு. 1690இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை கவர்னர் இங்கேதான் இருந்தார்.

கம்பெனியின் ஆவணங்களிலிருந்து வில் டைக் என்ற ஆய்வாளர் எடுத்த கணக்கின்படி 1621க்கும் 1665க்கும் இடையே 131 கப்பல்களில் 38,441 பேர் ஏற்றுமதியானார்கள். இது ஒரே சீராக நடந்த வியாபாரம் அல்ல. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை குதிக்கும், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் விழும். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது ஒரு பெரிய ஏற்றம். பசியால் பிள்ளையை விற்றவர்கள் உண்டு, தன்னையே விற்றுக்கொண்டவர்கள் உண்டு, தரகர் திருடிக்கொண்டு வந்து விற்றவர்களும் உண்டு. வாங்கியதும் கணக்கெழுதியதும் கப்பலேற்றியதும் கம்பெனி.

அந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தியின் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. கத்ரைன் ஃபான் பலியாகத்தா, அதாவது பழவேற்காட்டுக் கத்ரைன். பழவேற்காட்டில் பிறந்து பத்தாவியாவில் அடிமையாக இருந்தவள். கூட வாழ்ந்த இன்னொரு அடிமையைக் கொன்றதாக 1656இல் அவளுக்குப் பத்தாவியாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது ஆயுள்காலக் கடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் கம்பெனி வைத்திருந்த நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டாள். அங்கே துணி வெளுத்தாள். பின்னால் விடுதலையாகிக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்றைய தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமான் என்ற குடும்பப் பெயரோடு இருப்பவர்கள் பலர் அவளுடைய மகன் வழியில் வந்தவர்கள். பழவேற்காட்டில் அவள் என்ன பெயரில் இருந்தாள் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளுடைய கதையை உருக்கத்துக்காக இங்கே கொண்டுவரவில்லை. அதில் ஒரு சட்டப் புள்ளி இருக்கிறது. ஒரு வியாபாரி உங்களை வாங்கலாம், விற்கலாம், அடிக்கலாம். ஆனால் விசாரணை வைத்து மரண தண்டனை விதித்து, பிறகு கருணை காட்டிக் குறைத்து, கடல் கடந்து நாடு கடத்துகிற அதிகாரம் எந்த வியாபாரிக்கும் கிடையாது. கத்ரைனைத் தண்டித்தது கம்பெனியின் நீதிமன்றம். அப்படியானால் கம்பெனி வெறும் கம்பெனியாக இருந்திருக்க முடியாது.

3

1602 மார்ச் 20 அன்று டச்சுக் குடியரசின் ஸ்டேட்ஸ் ஜெனரல், அதாவது மாகாணங்களின் பேராயம், இந்தக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தது. அதன் 35ஆம் பிரிவு நமக்கு முக்கியம். ஸ்டேட்ஸ் ஜெனரலின் பெயரால் கிழக்கே உள்ள அரசர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், கோட்டை கட்டலாம், கவர்னர்களையும் படைவீரர்களையும் நீதி அதிகாரிகளையும் நியமிக்கலாம் என்று அது சொல்கிறது. நியமிக்கப்படுகிறவர்கள் கம்பெனிக்கு மட்டுமல்ல, ஸ்டேட்ஸ் ஜெனரலுக்கும் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். கெல்ட்ரியா கோட்டைக்குள் உட்கார்ந்திருந்த கவர்னர் சம்பளம் வாங்கியது கம்பெனியிடம், அவருடைய அதிகாரம் பிறந்தது பேராயத்திடம்.

இப்படிப்பட்ட ஆட்களின் செயலை எந்த விதியின் கீழ் அரசின் மேல் சாட்டுவது? இன்று நாம் எடுத்துப் பார்க்க வேண்டியது, ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் முடித்த அரசுப் பொறுப்பு பற்றிய விதித் தொகுப்பு. இது ஒப்பந்தம் அல்ல. ஆனால் நீதிமன்றங்கள் இதில் பெரும்பகுதியை வழக்காற்றுச் சட்டமாகவே எடுத்துக்கொள்கின்றன. நான்காம் விதி அரசின் உறுப்புகளைப் பற்றியது: ராணுவம், போலீஸ், நீதிமன்றம், அமைச்சகம், கடைநிலை எழுத்தர்வரை. இவர்கள் அந்தப் பதவியில் நின்று செய்த எதுவும் அரசின் செயல். ஐந்தாம் விதி, உறுப்பாக இல்லாவிட்டாலும் அரசதிகாரத்தில் ஒரு பங்கைச் செலுத்தச் சட்டத்தால் அனுமதி பெற்ற அமைப்புகளைப் பற்றியது. தனியார் நடத்தும் சிறை ஓர் உதாரணம். ஏழாம் விதி, இப்படிப்பட்டவர்கள் மேலிட உத்தரவை மீறிச் செய்தாலும் அரசு தப்ப முடியாது என்கிறது. 'நாங்கள் சொல்லவில்லை, அவர்களாகச் செய்துவிட்டார்கள்' என்பது நம் ஊர் அரசாங்கங்களும் அடிக்கடி சொல்கிற வசனம். ஏழாம் விதி அந்த வசனத்தைத்தான் செல்லாக்காசாக்குகிறது.

தோணிரேவுப் பேச்சில் ஒரு பெரியவர் இதை ஊர்க்கட்டோடு ஒப்பிட்டார். "நம்ம ஊர்ப் பையன் அடுத்த ஊர்க்காரன் வலையை அறுத்துட்டான்னா, அவங்க பையனைத் தேடி வரமாட்டாங்க. ஊரைத்தான் கேப்பாங்க." ஒப்பீடு பாதிதான் பொருந்தும். ஊர்க்கட்டில் ஊர்க்காரன் என்ற ஒரே காரணத்துக்காக அவன் செய்தது ஊரின் மேல் ஏறுகிறது. சர்வதேசச் சட்டத்தில் குடிமகன் என்பதால் மட்டும் ஏறாது. டச்சு நாட்டில் பிறந்த ஒருவன் தன் சொந்தக் காசில் அடிமை வாங்கினால் அது டச்சு அரசின் செயல் அல்ல. அவன் எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாங்கினான் என்று பார்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் பிடிக்கப்போவதும் இந்தத் தொப்பியைத்தான். கோட்டை கட்டியது அரசுச் செயலாக இருக்கலாம், தூக்குத் தண்டனை கொடுத்தது அரசுச் செயலாக இருக்கலாம், ஆள் வாங்கி விற்றது வெறும் வியாபாரம்தானே என்பார். ஐந்தாம் விதியின் கீழ் வாதாடினால் இந்தக் கேள்வி கடிக்கும். ஏனென்றால் அந்த விதி அமைப்பு அரசதிகாரத்தோடு செய்த செயல்களை மட்டுமே அரசின் மேல் ஏற்றுகிறது. நான்காம் விதியின் கீழ் வாதாடினால் கடிக்காது. உறுப்பின் செயல் வணிகத் தன்மை கொண்டதாக இருந்தாலும் அது அரசின் செயல்தான் என்று ஆணையத்தின் விளக்கவுரையே சொல்கிறது. ஆக, கம்பெனி அரசின் உறுப்பா, அரசதிகாரம் கடன் வாங்கிய தனியாளா என்பதில் வழக்கின் பாதி தொங்குகிறது.

4

இங்கேதான் பழவேற்காட்டிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஒரு தீவுக்குப் போக வேண்டியிருக்கிறது. பிலிப்பைன்ஸுக்குத் தெற்கே மியாங்காஸ் என்றொரு சின்னத் தீவு. ஐரோப்பியர் அதைப் பால்மாஸ் என்றார்கள். சில நூறு பேர் வாழ்ந்த இடம். 1898இல் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்குக் கொடுத்தபோது ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக்குள் இந்தத் தீவும் இருந்தது. பின்னால் ஓர் அமெரிக்க அதிகாரி போய்ப் பார்த்தால் அங்கே டச்சுக் கொடி பறக்கிறது. தீவு யாருடையது என்ற தகராறு தி ஹேக்கிலுள்ள நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போனது. ஒற்றை நடுவராக இருந்த சுவிஸ் சட்டவியலாளர் மாக்ஸ் ஹூபர் 1928 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பளித்தார். தீவு நெதர்லாந்துக்கே.

நெதர்லாந்து எதைக் காட்டி ஜெயித்தது? அந்தத் தீவின் மேல் உரிமை கொண்டிருந்த உள்ளூர்ச் சிற்றரசர்களோடு பதினேழாம் நூற்றாண்டில் செய்துகொண்ட ஒப்பந்தங்களைக் காட்டியது. அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது டச்சு அரசு அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனி. ஒரு வியாபாரக் கம்பெனியின் ஒப்பந்தம் எப்படி அரசுக்கு நாட்டுரிமை தரும் என்ற கேள்வி வரத்தான் செய்தது. ஹூபரின் விடை தெளிவானது. அந்தப் பகுதிகளைக் கைப்பற்றவும் குடியேற்றமாக்கவும் கம்பெனி செய்த செயல்களைச் சர்வதேசச் சட்டத்தில் முழுக்க முழுக்க நெதர்லாந்து அரசின் செயல்களாகவே கொள்ள வேண்டும் என்றார். பாதி அல்ல, உவமையும் அல்ல. முழுக்க.

கைப்பற்றுவது, குடியேற்றமாக்குவது என்ற வரம்பு அந்த வாக்கியத்தில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடியேற்றமாக்குவது என்றால் என்ன? பாண்டாவின் மக்களை ஒழித்துவிட்டுச் சோழமண்டலத்து மக்களைக் கொண்டுபோய் இறக்கியதைவிடத் துல்லியமான குடியேற்றச் செயல் எது? பத்தாவியாவைக் கட்டிய கைகளில் பழவேற்காட்டிலிருந்து போன கைகளும் உண்டு. நிலத்தைப் பிடிக்கும்போது அரசு, அந்த நிலத்தில் உழைக்க ஆளைப் பிடிக்கும்போது கடைக்காரன் என்று ஒரே கையை இரண்டாக வெட்ட முடியாது.

கணக்கு இன்னொரு வழியிலும் நேராகிறது. 1796இல் புதிய பத்தாவியக் குடியரசு கம்பெனியின் நிர்வாகத்தைத் தன் குழுவின் கைக்கு மாற்றியது. 1799 கடைசியில் சாசனம் காலாவதியானது. கம்பெனியின் சொத்துகளும் நிலங்களும் கடன்களும் அரசின் தலையில் இறங்கின. இன்றைய இந்தோனேசியாவின் பெரும்பரப்பை நெதர்லாந்து ஒன்றரை நூற்றாண்டு வைத்திருந்ததற்கு அடிப்படையே இந்தக் கைமாற்றம்தான். சொத்தை வாரிசாக எடுத்துக்கொண்டவர், கடனையும் வாரிசாக எடுத்துக்கொண்டவர், பழியை மட்டும் எப்படி வேண்டாம் என்பார்?

முதல் கேள்வி இதோடு முடிகிறது. "ராஜாங்கம் எப்படிங்க பொறுப்பாவும்" என்று கேட்ட இளைஞருக்கு விடை: ராஜாங்கமே நீதிமன்றத்தில் வந்து, அது நான்தான் என்று சொல்லி ஒரு தீவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

5

ஆனால் அதே தீர்ப்பில், அதே பேனாவால், ஹூபர் இன்னொன்றையும் எழுதினார். ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தின் ஒளியில்தான் மதிப்பிட வேண்டும், தகராறு எழுகிற காலத்துச் சட்டத்தைக் கொண்டு அல்ல. காலவரிசை விதி என்று இதைச் சொல்லலாம். ஸ்பெயின் பதினாறாம் நூற்றாண்டில் தீவைக் கண்டுபிடித்ததன் மதிப்பை எந்தக் காலத்துச் சட்டத்தால் அளப்பது என்ற கேள்விக்காக எழுதியது. அது வளர்ந்து 2001 தொகுப்பின் பதின்மூன்றாம் விதியானது. ஒரு கடமை அந்தச் சமயத்தில் அரசைக் கட்டுப்படுத்தியிருந்தால் ஒழிய அதை மீறியதாக ஆகாது.

பழவேற்காட்டில் இதன் பொருள் குரூரமானது. 1621இல் அடிமை வணிகம் சர்வதேசச் சட்டத்தில் தடை செய்யப்பட்டதா? இல்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர் யார்? ஹ்யூகோ குரோஷியஸ். இளம் வக்கீலாக இருந்தபோது கம்பெனி பிடித்த ஒரு போர்த்துக்கீசியக் கப்பலை நியாயப்படுத்தக் கம்பெனிக்காக எழுதியவர். 1625இல் வெளிவந்த அவருடைய போரும் சமாதானமும் பற்றிய பெருநூல் இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது. தவறிழைத்தவன் சேதத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்ற கோட்பாடு அதில் உண்டு. போரில் பிடிபட்டவனும் தன்னை விற்றுக்கொண்டவனும் அடிமையாவது செல்லும் என்ற கோட்பாடும் அதிலேயே உண்டு. அந்த நூல் அச்சான ஆண்டுகளில்தான் பழவேற்காட்டிலிருந்து ஆட்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கப்பலேற்றியவர்களின் சட்டம்தான் அந்தக் காலத்துச் சட்டம் என்ற பெயரில் இன்று நமக்கு முன்னால் வந்து நிற்கிறது.

இந்தச் சுவர் எவ்வளவு கவனமாகப் பராமரிக்கப்படுகிறது என்பதற்கு 2001இல் டர்பன் நகரில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாடு ஓர் அத்தாட்சி. அதன் பிரகடனம் அடிமை வணிகத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றது, கூடவே எப்போதும் அப்படி இருந்திருக்க வேண்டும் என்றது. படிக்கும்போது அழுத்தம் போலத் தெரியும். சட்டக் காதோடு கேட்டால் வேறு சத்தம். இருந்திருக்க வேண்டும் என்றால் இருக்கவில்லை என்று பொருள். இழப்பீட்டுக்குப் பயந்த நாடுகளுக்கு அந்தச் சொற்றொடர் வசதியானது.

சுவரில் விரிசல் இல்லையா? எனக்குத் தெரிந்து இரண்டு உண்டு.

முதலாவது, அந்தக் காலத்துச் சட்டத்தையே முழுசாக எடுத்துப் படிப்பது. சுதந்திரமான ஆளைத் திருடி விற்பது ரோமானியச் சட்டத்தில் குற்றம். டச்சுக்காரர்களின் நீதிமன்றங்கள் நடந்தது ரோமானியச் சட்ட மரபில்தான். குரோஷியஸின் நியாயமும் போர்க்கைதிக்கும் தன்னை விற்றுக்கொண்டவனுக்கும்தான். தெருவில் விளையாடிய பிள்ளையைத் தரகர் தூக்கிவந்து விற்றதற்கு அதில் இடமில்லை. ஆகவே 38,441 பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைக்காமல் யார் எப்படி வந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால், ஒரு பகுதிக்கு 1621இன் சட்டத்தாலேயே குற்றம் காட்டலாம். தடை என்னவென்றால் அத்தாட்சி. வாங்கியவன் எழுதிய கணக்கில் விற்றவன் திருடன் என்று எழுதியிருக்க மாட்டான்.

இரண்டாவது, ஹூபரின் விதிக்கே இன்னொரு பாதி இருக்கிறது. ஓர் உரிமை பிறந்ததை அந்தக் காலத்துச் சட்டத்தால் அளக்கலாம், ஆனால் அந்த உரிமை தொடர்ந்து உயிரோடு இருக்கிறதா என்பதை மாறிவருகிற சட்டத்தால்தான் அளக்க வேண்டும் என்றார். ஸ்பெயினின் கண்டுபிடிப்பு உரிமை தோற்றது இதனால்தான். அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வளர்ந்து நின்ற பிறகும் பிடித்து வைத்திருந்தால் அது தொடர்கிற மீறல். டச்சு இந்தியாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1860 ஜனவரி 1இல், சுரினாமில் 1863 ஜூலை 1இல். சுரினாமில் அன்று ஈடு வழங்கப்பட்டது, ஒவ்வோர் அடிமைக்கும் 300 கில்டர். வாங்கிக்கொண்டவர்கள் அடிமைகள் அல்ல, எஜமானர்கள். அடிமைமுறைக்கு ஈடு கணக்கிட முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இந்த 300 கில்டர் கணக்கை நினைவூட்டலாம்.

6

சரி, எங்கே போய்க் கேட்பது? யார் கேட்பது? அரசுகளுக்கிடையிலான சட்டத்தில் கேட்கிறவரும் அரசாகவே இருக்க வேண்டும். காயம் பட்டவர் தன் நாட்டவராக இருந்தால்தான் ஓர் அரசு அவருக்காகப் பேசலாம். 1621இல் இந்தியா என்ற அரசு இல்லை. கத்ரைனின் வாரிசுகள் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள், பாண்டாவுக்குப் போனவர்களின் வாரிசுகள் இந்தோனேசியக் குடிமக்கள். இந்தியா முன்வந்தாலும் சர்வதேச நீதிமன்றத்தின் வாசலில் பூட்டு. கட்டாய அதிகார எல்லையை ஏற்று நெதர்லாந்து 2017இல் புதிதாக ஓர் அறிவிப்பு கொடுத்தது. வழக்குப் போடும் நாளுக்கு நூறு வருஷத்துக்கு முன் நடந்தவற்றிலிருந்து எழும் தகராறுகள் அதில் விலக்கப்பட்டுவிட்டன. இந்தியா 2019இல் கொடுத்த அறிவிப்பும் பழைய தகராறுகளை வெளியே நிறுத்துகிறது. இரண்டு பக்கமும் உள்ளிருந்தே தாழ்ப்பாள்.

டச்சு நாட்டின் சொந்த நீதிமன்றங்கள் கொஞ்சம் திறந்திருக்கின்றன, ஆனால் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். 1947 டிசம்பர் 9 அன்று ஜாவாவின் ராவகெடே கிராமத்தில் டச்சுப் படை ஆண்களைப் பிடித்துச் சுட்டுக் கொன்றது. அறுபது வருஷம் கழித்து விதவைகள் வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்றது அரசு. 2011 செப்டம்பர் 14இல் தி ஹேக் மாவட்ட நீதிமன்றம், இந்த விதவைகளிடம் அந்த வாதத்தைச் சொல்வது நியாயமல்ல என்று தள்ளியது. ஆளுக்கு 20,000 யூரோ கிடைத்தது. அதே வருஷம் டிசம்பர் 9 அன்று டச்சுத் தூதர் அந்தக் கிராமத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டார். நீதிமன்றம் சாய்ந்து கொடுத்ததற்குக் காரணம் விதவைகள் எதிரே உட்கார்ந்திருந்தது. பழவேற்காட்டுக்கு அப்படி உட்கார ஆள் இல்லை.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பொறுப்புச் சட்டத்தின் வலை அரசைத்தான் பிடிக்கும். கரையில் ஆள் பிடித்துக் கொடுத்த தரகர்கள், வரி வாங்கிக்கொண்டு கண்ணை மூடிய நாயக்க அதிகாரிகள், ஏற்கெனவே சில சாதிகளை அடிமைகளாகவே வைத்திருந்த நம் கிராமங்கள், இவர்கள் எல்லாம் அந்த வலையின் கண்ணில் நழுவிவிடுவார்கள். ஆளோலை எழுதி மனிதர்களை விற்ற வழக்கம் டச்சுக்காரன் கொண்டுவந்ததல்ல. டச்சு அரசைக் கூண்டில் ஏற்றுவது நம்மைக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிற தந்திரமாக ஆகிவிடக்கூடாது. அதற்காக முதல் கூண்டைக் காலியாக விட வேண்டும் என்பதும் இல்லை. ஒருவர் பொறுப்பு இன்னொருவர் பொறுப்பைக் குறைக்காது என்பது அந்தச் சட்டத்திலேயே உள்ள விதி.

7

ஈடு என்றால் என்ன என்பதைத் தி ஹேக்கிலிருந்த பழைய நிரந்தர நீதிமன்றம் 1928 செப்டம்பரில் ஒரு போலந்துத் தொழிற்சாலை வழக்கில் சொன்னது. தவறான செயலின் எல்லா விளைவுகளையும் கூடியவரை துடைத்து, அது நடக்காமலிருந்தால் எந்த நிலை இருந்திருக்குமோ அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 2001 தொகுப்பு இதை மூன்றாகப் பிரிக்கிறது. பழைய நிலைக்குத் திருப்புவது ஒன்று. அது முடியாதபோது பணத்தில் கணக்கிட்டு இழப்பீடு தருவது இன்னொன்று. இரண்டாலும் ஆறாத காயத்துக்கு மனநிறைவு தருவது மூன்றாவது: மீறலை ஒப்புக்கொள்வது, வருத்தம் தெரிவிப்பது, முறையாக மன்னிப்புக் கேட்பது.

இந்த மூன்றில் நெதர்லாந்து எதைக் கொடுத்திருக்கிறது? 2022 டிசம்பர் 19 அன்று பிரதமர் மார்க் ருட்டே அடிமைமுறைக்காக அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1 அன்று அரசர் கேட்டார். ருட்டேயின் பேச்சில் ஆசியாவும் வந்தது. கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் ஆறரை லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்கும் அதிகமாக இருக்கக்கூடிய எண்ணிக்கையில் மனிதர்கள் வாங்கி விற்கப்பட்டார்கள் என்று அவரே சொன்னார். அரசின் வாயால் வந்த இந்த எண் நமக்கு முக்கியம், அது ஒப்புதல். ஆனால் அதோடு அறிவிக்கப்பட்ட 20 கோடி யூரோ, இழப்பீடு என்ற பெயரில் அல்ல, விழிப்புணர்வுக்கான நிதி என்ற பெயரில் வந்தது. அதன் முகம் சுரினாமையும் கரீபியன் தீவுகளையும் நெதர்லாந்தையும் பார்த்துத்தான் இருக்கிறது. சோழமண்டலம் எண்ணிக்கையில் இருக்கிறது, விலாசத்தில் இல்லை. அந்தத் தேசங்களில் வாரிசுகள் இயக்கமாக நின்று கேட்டார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை.

கேட்பதாக இருந்தால் என்ன கேட்கலாம்? ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்பது மேலே சொன்ன சுவர்களில் மோதி நிற்கும். ஆனால் முதல் வகையில், பழைய நிலைக்குத் திருப்புவதில், ஒன்று சாத்தியம். மனிதர்களைத் திருப்ப முடியாது, பெயர்களைத் திருப்பலாம். கம்பெனியின் ஆவணங்கள் தி ஹேக்கிலும் ஜகார்த்தாவிலும் கேப் டவுனிலும் இருக்கின்றன. யுனெஸ்கோ 2003இல் அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சு ஆவணங்கள் உண்டு, பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தவை. பழவேற்காட்டிலிருந்து போன ஒவ்வொரு கப்பலின் கணக்கையும், கிடைக்கிற ஒவ்வொரு பெயரையும், விலையையும், போய்ச்சேர்ந்த இடத்தையும் டச்சு அரசின் செலவில் பிரதி எடுத்துத் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிட வேண்டும் என்று கேட்கலாம். இது தர்மம் அல்ல. திருடியவன் வைத்திருக்கிற கணக்குப் புத்தகத்தைத் திருட்டுக் கொடுத்தவன் கேட்பது.

மூன்றாவது வகையில், மன்னிப்பு விலாசத்தோடு வர வேண்டும் என்று கேட்கலாம். ராவகெடேக்குத் தூதர் போனது போலப் பழவேற்காட்டுக்கும் வர வேண்டும், கல்லறைத் தோட்டத்துக்கு அல்ல, கரைக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள முகத்துவாரத்தில் பெரிய கப்பல் நுழையாது. அவை வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில்தான் கொண்டுபோவார்கள். ரேவு என்றால் துறை, தோணிரேவு என்றால் தோணி வந்து நிற்கிற துறை. இந்தத் துறையிலிருந்துதான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும். இப்படியொரு துறையிலிருந்துதான் போனார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

இவற்றை எல்லாம் யார் கேட்பது என்பதுதான் மிச்சம். இந்திய அரசு கேட்காது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மனநிறைவு என்ற வகைக்கு நீதிமன்ற ஆணை கட்டாயம் இல்லை. ருட்டேயின் மன்னிப்பு எந்தத் தீர்ப்பாலும் வரவில்லை, கேட்டவர்களின் குரலால் வந்தது. மியாங்காஸ் தீர்ப்பை ஒரு கையிலும் 2022இன் பேச்சை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு தோணிரேவுக்காரர்களும் கோட்டைக்குப்பத்துக்காரர்களும் ஒரு மனு எழுதலாம். அதில் வாதாட வேண்டிய முதல் வரியை எதிர்த்தரப்பே எழுதிக் கொடுத்திருக்கிறது. கம்பெனி செய்தது அரசு செய்தது.